மதிப்பெண் பட்டியலிலிருந்து ஒரு பத்தி

தமிழ் 78, பி1: ‘ஹோம்வொர்க் வருவதில்லை. கட்டுரை நன்று.’ ஆங்கிலம் 64, பி2: ‘ரொம்ப ஷை.’ கணக்கு 52, சி1: ‘கேர்லெஸ்.’ அறிவியல் 83, ஏ2: ‘வெரி குட். ஆக்டிவ்.’ சமூக அறிவியல் 71, பி1: ‘அதிகம் பேசுகிறாள்.’

இரண்டாம் பருவம் முடியும் நேரத்தில் ஆறாம் வகுப்பு வகுப்பாசிரியரின் மேசைக்கு வந்து சேரும் பட்டியலில் ஒரு வரிசை இது. மாணவிக்கு நிலா என்று பெயர் வைத்துக்கொள்வோம். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் இப்படி நாற்பது வரிசைகள், இருநூறு குறிப்புகள். ஐந்து ஆசிரியர்கள் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். ஒருவர் ஆங்கிலத்தில், ஒருவர் தமிழில், ஒருவர் இரண்டும் கலந்து. ஒருவர் கோபமாக இருந்த நாளில் எழுதியிருப்பார், இன்னொருவர் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில். இதையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு வாக்கியங்களில், ஒரே குரலில், பெற்றோர் படிக்கும்படி ஒரு பத்தி எழுத வேண்டும். அந்தப் பத்திதான் ப்ராக்ரஸ் கார்டில் அச்சாகும்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எல்லோருக்கும் தெரியும். ‘நிலா நல்ல மாணவி. அறிவியலில் சிறந்து விளங்குகிறாள். ஆனால் கணக்கில் கவனக்குறைவாக இருக்கிறாள். இன்னும் முயற்சி செய்தால் நல்ல மதிப்பெண் பெறலாம்.’ பிழையில்லாத தமிழ், மரியாதையான தொனி. பட்டியலில் துண்டு துண்டாகக் கிடந்தது இங்கே கோவையாகிவிட்டது. ஆனாலும் நிலாவின் அம்மா இதைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மகளைக் கூப்பிட்டு ‘கணக்கை ஒழுங்கா கவனிச்சுப் போடு’ என்று சொல்லலாம். அதைத்தான் அவர் மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த வேலையை மொழிநடை சம்பந்தப்பட்டதாகப் பார்க்கும்போதுதான் இப்படி ஆகிறது. குறிப்பை வாக்கியமாக நீட்டுவது அரை மணி நேரத்தில் யாருக்கும் கைவரும். ஆசிரியர் எந்த நிகழ்வைப் பார்த்து அந்தக் குறிப்பை எழுதினார் என்று தேடிப்போய், அந்த நிகழ்வை வாக்கியமாக்குவதில்தான் உழைப்பு இருக்கிறது. ‘கேர்லெஸ்’ என்பது ஆசிரியரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் நோட்டில் ஏதோ நடந்திருக்கிறது. பெற்றோருக்குத் தேவைப்படுவது நோட்டில் நடந்தது.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கருத்து எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கல்வித்துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய கருத்து மட்டும் எழுதித் தரப்பட்டது. இன்னொரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்பாடும் நன்றாக இருந்தன. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். மதிப்பெண் கண்ணில் பட்டதும் கருத்து காணாமல் போய்விட்டது.

நம் கார்டுகளில் மதிப்பெண்ணை எடுத்துவிட முடியாது. ஆகவே கருத்து செய்யக்கூடிய ஒரே காரியம், மதிப்பெண் சொல்லாததைச் சொல்வது. ‘கணக்கில் 52 எடுத்து சராசரியாக இருக்கிறாள்’ என்ற வாக்கியம் அந்தக் கட்டத்தின் இடத்தை வீணடிக்கிறது. 52 என்று மேலேயே அச்சாகியிருக்கிறது. அந்த 52 எதனால் ஆனது என்று சொன்னால் அம்மா நின்று படிப்பார்.

சரி, நிலாவின் 52 எதனால் ஆனது? தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது மதிப்பீடும் இரண்டாகப் பிரிந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-லும் செயல்பாடுகளுக்கு 20, வகுப்பிலேயே வைக்கும் சிறு தேர்வுகளுக்கு 20. மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தால் நிலாவின் கணக்கு இப்படி இருக்கிறது: செயல்பாடுகளில் 13, சிறு தேர்வுகளில் 4, பருவத் தேர்வில் 60-க்கு 35. கூட்டினால் 52, சி1. பருவத் தேர்வில் பாதிக்கு மேல் வாங்கிய பிள்ளை, அதே பாடங்களில் வைத்த சிறு தேர்வுகளில் 20-க்கு 4 வாங்கியிருக்கிறது. சி1 என்ற எழுத்து இந்த ஏற்றத்தாழ்வை மூடி மறைத்துவிடுகிறது. கருத்து எழுத உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கூட்டுத்தொகையைப் பிரித்துப் பார்ப்பது.

அடுத்தது, கணக்கு ஆசிரியரிடம் கேட்பது.

“மிஸ், நிலாவுக்கு கேர்லெஸ்னு போட்டிருக்கீங்களே, என்ன மாதிரி தப்பு பண்றா?”

“மெத்தட் எல்லாம் சரியா இருக்கும் சார். கேள்வியையே தப்பா எழுதுவா. எட்டை மூணுன்னு எழுதுவா, ஆறை சைபர்னு எழுதுவா. அப்புறம் விடை எப்படி வரும்?”

சிறு தேர்வுகளின் தாள்களை வாங்கிப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. பலகையில் எட்டில் ஏழு பங்கு என்ற பின்னம் ஒன்று. தொகுதி 7, பகுதி 8. நிலாவின் தாளில் பகுதி 3. அதன்பிறகு அவள் செய்த கழித்தல், அவள் எழுதிக்கொண்ட எண்களுக்குச் சரி. பருவத் தேர்வில் வினாத்தாள் அச்சிட்டது, கைக்கு அருகில் இருப்பது. அங்கே இந்தப் பிழை வரவில்லை. சிறு தேர்வில் வினா பலகையில், நிலா உட்காருவது கடைசிக்கு முந்தைய பெஞ்சில்.

சமூக அறிவியல் ஆசிரியரிடம் ‘அதிகம் பேசுகிறாள்’ பற்றிக் கேட்டால், எப்போது பேசுகிறாள் என்பதற்கு அவர் சொல்லும் பதில், “போர்டுல நோட்ஸ் எழுதிப் போடுறப்போ” என்பது. பக்கத்தில் இருப்பவளிடம்தான் பேச்சு. ஆங்கில ஆசிரியர் ‘ரொம்ப ஷை’ என்கிறார். சமூக அறிவியல் ஆசிரியர் அதிகம் பேசுகிறாள் என்கிறார். இரண்டையும் ஒட்டி ‘நிலா சில நேரம் அமைதியாகவும் சில நேரம் அதிகம் பேசுபவளாகவும் இருக்கிறாள்’ என்று எழுதியிருந்தால் அது படிக்க அழகாகத்தான் இருந்திருக்கும். கேட்டபோது தெரிவது வேறு. ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொன்னால் குரல் வருவதில்லை, மற்றபடி எழுத்தில் குறையில்லை. சமூக அறிவியலில் அவள் பேசுவது, பெரும்பாலும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பது.

குறிப்புகள் ஒன்றோடொன்று மோதும் இடம்தான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் பயன் தரும் இடம் என்பது என் எண்ணம். ஐந்து குறிப்புகளையும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கும் ஒரே ஆள் வகுப்பாசிரியர். கணக்கு ஆசிரியருக்குச் சமூக அறிவியல் கட்டம் தெரியாது. வகுப்பாசிரியரும் மோதலைச் சமாதானப்படுத்தி மழுப்பிவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி தேவையா என்ற கேள்வியை எழுப்ப அந்தப் பள்ளியில் வேறு யாரும் இல்லை.

எல்லாக் குறிப்புக்கும் இப்படி விடை கிடைத்துவிடாது. தமிழ் வீட்டுப்பாடம் ஏன் வருவதில்லை என்று கேட்டால், பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் வருவதில்லை என்பதுவரைதான் தமிழாசிரியருக்குத் தெரியும். அப்படியானால் கார்டில் அதுவரைதான் எழுத வேண்டும். காரணம் தெரியாத இடத்தில் ‘சோம்பல்’ என்றோ ‘ஆர்வமின்மை’ என்றோ ஊகித்து எழுதிவிட்டால், அது அச்சில் ஏறி, அடுத்த வருட ஆசிரியர் படித்து, பிள்ளையோடு கூடவே வரும்.

இருநூறு குறிப்புக்கும் இப்படி ஓட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது, தேவையும் இல்லை. ‘கட்டுரை நன்று’ என்பதற்கு நோட்டைப் புரட்டினால் போதும். கேட்டே ஆக வேண்டியவை மூன்று வகை: ஒரே பிள்ளையைப் பற்றி முரண்படும் குறிப்புகள், மதிப்பெண்ணோடு பொருந்தாத குறிப்புகள், பிள்ளையின் குணத்தைச் சொல்லி வேலையைச் சொல்லாத குறிப்புகள். நாற்பது பேரில் இவை பத்துப் பன்னிரண்டு பேரிடம் வரும். பட்டியலை மதிப்பெண் பதிவேட்டோடு சேர்த்து வாங்குவது, குறிப்புக் கட்டத்தின் தலைப்பையே ‘பிள்ளை என்ன செய்கிறது?’ என்று மாற்றிவிடுவது, இந்த இரண்டும் அந்தப் பத்தைக்கூடக் குறைக்கும்.

இனி தொனி. ஐந்து பேரின் குரலை ஒன்றாக்குவது என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் இனிப்புக் கலப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாற்பது கார்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றும் சொல்லாது. ஒரே தொனி என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: முதல் கார்டில் ஒரு சொல்லுக்கு என்ன பொருளோ, நாற்பதாவது கார்டிலும் அதே பொருள். அதற்குச் சில முடிவுகளை முதல் வாக்கியம் எழுதும் முன்பே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் முடிவு, வினைமுற்று. தமிழில் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினாலே ‘எழுதுகிறான்’, ‘எழுதுகிறாள்’, ‘எழுதுகிறார்’ என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முந்தைய கார்டின் வாக்கியத்தைப் பிரதி எடுத்து ஒட்டும்போது பையனின் கார்டில் ‘படிக்கிறாள்’ என்று நின்றுவிடுவது அடிக்கடி நடப்பது. அது ஒரு எழுத்துப் பிழைதான். ஆனால் பெற்றோர் கண்ணில் பட்டால், இது என் பிள்ளைக்காக எழுதியதல்ல என்று முடிவு செய்துவிடுவார்கள். எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதி என்று வைத்துக்கொள்வதே சரி என்பேன். பதினொரு வயதுப் பிள்ளையை ‘அவர்’ என்பது சில ஆசிரியர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் கூப்பிடும்போது இருக்கட்டும். பள்ளியின் முத்திரை விழும் காகிதத்தில் பிள்ளைக்கு மரியாதை கொடுத்து எழுதினால், அடுத்து வரும் கண்டிப்பான வாக்கியத்தின் முனையும் தானாகவே மழுங்கிவிடுகிறது.

இரண்டாவது முடிவு, யாரிடம் பேசுகிறோம் என்பது. சில வாக்கியம் பெற்றோரிடம், சில வாக்கியம் பிள்ளையிடம் என்று இருந்தால் குரல் உடைந்துவிடும். ‘நிலா, நீ இன்னும் கவனமாக இரு’ என்று ஒரு ஆசிரியர் எழுதிய குறிப்பை அப்படியே நுழைக்க முடியாது. கார்டில் கையொப்பம் இடப்போவது பெற்றோர் என்பதால் பெற்றோரிடம் பேசுவதாக வைத்துக்கொள்கிறோம். பள்ளி தன்னை ‘நாங்கள்’ என்று சொல்லும்.

மூன்றாவது முடிவுதான் அதிக வேலை வாங்குவது. ஏ1, பி2 என்ற எழுத்துகளுக்கு ஈடாக எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? ‘சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’, ‘நன்று’, ‘பரவாயில்லை’ என்று ஆளாளுக்குப் போட்டால் ஒரு ஆசிரியரின் ‘நன்று’ இன்னொருவரின் ‘மிகச் சிறப்பு’க்குச் சமமாக இருக்கும். பாராட்டின் அளவை வைத்து ஏணி கட்டினால் இந்தக் குழப்பம் தீராது. பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதை வைத்து ஏணி கட்டினால் தீரும். ஏனென்றால் உதவி கண்ணால் பார்க்கக்கூடியது. ஏ1, ஏ2 என்றால் ‘தானாகச் செய்கிறார்’. பி1, பி2 என்றால் ‘பெரும்பாலும் தானாகச் செய்கிறார், கடினமான இடங்களில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்’. சி1, சி2 என்றால் ‘ஒரு எடுத்துக்காட்டைச் செய்து காட்டியபின் செய்கிறார்’. டி என்றால் ‘ஆசிரியர் அருகில் இருந்து வழிகாட்டும்போது செய்கிறார்’. அதற்கும் கீழே இ1, இ2 என்றால் ‘அடிப்படையைக் கற்கத் தொடங்கியிருக்கிறார்’.

ஐந்து படிகள் போதும். பெற்றோருக்கு இது சொல்லிக்கொடுக்காமலே புரிகிறது. முதல் பருவத்தில் ‘எடுத்துக்காட்டைச் செய்து காட்டியபின்’ என்றிருந்தது இரண்டாம் பருவத்தில் ‘பெரும்பாலும் தானாக’ என்று மாறினால், மதிப்பெண் இரண்டே கூடியிருந்தாலும் பிள்ளை எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. ஐந்து பாட ஆசிரியர்களும் ஓய்வறையில் உட்கார்ந்து இந்த ஐந்து சொற்றொடர்களை ஒப்புக்கொண்டுவிட்டால், யார் எழுதினாலும் ஒரே குரலாகக் கேட்கும்.

ஏணியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தவும் கூடாது. நிலாவின் சி1-க்கு ஏணி தருவது ‘எடுத்துக்காட்டைச் செய்து காட்டியபின் செய்கிறார்’ என்பது. அவளைப் பொறுத்தவரை அது உண்மையே அல்ல. வழிமுறையை அவள் தானாகவே எழுதுகிறாள். எழுத்து ஒரு கூட்டுத்தொகை என்பதால், பிரித்துப் பார்த்தபின் ஏணியின் சொல் பொருந்தினால் மட்டுமே அதை எடுக்க வேண்டும்.

இன்னொரு சின்ன முடிவையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆனால்’ வேண்டாம். நல்லதைச் சொல்லி, ஆனால் போட்டு, கெட்டதைச் சொல்வது நம் கார்டுகளின் பழைய வழக்கம். ‘ஆனால்’ வந்ததும் அதற்கு முன்னால் இருந்தது எல்லாம் உபசாரம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து, அரைப்புள்ளியோடு, சம எடையில் வைத்தால் இரண்டும் காதில் விழும்.

இந்த முடிவுகளோடு நிலாவின் பத்தி இப்படி வருகிறது:

‘நிலா அறிவியல் சோதனைகளைத் தானாகச் செய்து, பார்த்ததை வரிசை தவறாமல் எழுதுகிறார். தமிழில் தன் அனுபவங்களிலிருந்து கட்டுரை எழுதுகிறார். திங்கட்கிழமைகளில் வீட்டுப்பாடம் பெரும்பாலும் வருவதில்லை. கணக்கில் அச்சிட்ட வினாக்களுக்கு வழிமுறையைச் சரியாக எழுதுகிறார். பலகையைப் பார்த்து எடுத்து எழுதும்போது எண்கள் மாறிவிடுகின்றன. சமூக அறிவியல் வகுப்பிலும் பலகைக் குறிப்புகளைப் பக்கத்து மாணவரிடம் கேட்டு எழுதுகிறார். மூன்றாம் பருவத்தில் அவரை முன்வரிசையில் அமர்த்துகிறோம். கண் பரிசோதனை செய்து முடிவைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் படித்ததைப் பெரும்பாலும் தானாகப் புரிந்து எழுதுகிறார். வீட்டில் தினமும் ஐந்து வரி உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.’

‘கேர்லெஸ்’ போய்விட்டது, ‘ஷை’ போய்விட்டது, ‘அதிகம் பேசுகிறாள்’ போய்விட்டது. எந்த உண்மையும் மறைக்கப்படவில்லை. வீட்டுப்பாடம் வராதது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பது, அது தெரிந்த இடங்களில், இருக்கிறது. நாங்கள் கண் பார்வை குறைவு என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதைச் சொல்லும் தகுதி பள்ளிக்கு இல்லை. பார்த்ததைச் சொல்லி, பரிசோதிக்கச் சொல்கிறோம், அவ்வளவே. இப்படிப்பட்ட செய்தி பெற்றோருக்கு முதன்முதலில் கார்டில் தெரியவும் கூடாது. கார்டு கைக்குப் போகும் முன்பே அம்மாவுக்கு ஒரு போன் போயிருக்க வேண்டும்.

நிலா போன்ற பிள்ளைக்கு எழுதுவது ஒப்புநோக்கில் எளிது. மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கு எழுதும்போதுதான் தொனி சோதனைக்கு உள்ளாகிறது. கவின் என்று ஒரு மாணவர். கணக்கில் 28, இ1. குறிப்பு, ‘வெரி புவர்.’ இதை மென்மையாக்க நினைக்கும் கை எழுதுவது: ‘கவின் கணக்கில் இன்னும் சற்று கவனம் செலுத்தினால் முன்னேற வாய்ப்புள்ளது.’ இது கனிவாகத் தெரிகிறது. உண்மையில் இது அந்தக் குடும்பத்தை ஏமாற்றுகிறது. ‘சற்று’ கவனித்தால் தீரும் இடத்தில் கவின் இல்லை என்பது பள்ளிக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாமல் போகிறது.

கவினை உட்காரவைத்துப் பத்து நிமிடம் கேட்டால், எதுவரை தெரியும் என்பது தெரிந்துவிடும். அதை அப்படியே எழுதலாம்: ‘கவின் இரண்டு இலக்க எண்களின் கூட்டலையும் கழித்தலையும் தானாகச் செய்கிறார். பெருக்கல் வாய்ப்பாடு 5 வரை சொல்கிறார். ஆறாம் வகுப்பின் பின்னக் கணக்குகளுக்கு 10 வரை வாய்ப்பாடு தேவைப்படுவதால், அவற்றின் அடிப்படையை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறார். மூன்றாம் பருவத்தில் வாரம் இரண்டு நாள் மதிய இடைவேளையில் 6, 7, 8 வாய்ப்பாடுகளில் பயிற்சி தருகிறோம். வீட்டில் இரவு ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.’

இதில் கடுமையான சொல் ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வரைதான் தெரிகிறது என்ற கடுமையான செய்தி முழுசாக இருக்கிறது. தெரிந்ததில் தொடங்குவதால் கவினும் தன் கார்டைத் தானே படிக்க முடிகிறது. வாரம் இரண்டு நாள் பயிற்சி என்று அச்சிட்டுவிட்டால் அதைக் கொடுத்தே தீர வேண்டும் என்பதால், எழுதும் முன் கணக்கு ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எழுதுவதைவிட அந்த வாக்கியத்தை விட்டுவிடலாம்.

மறுமுனையில் எல்லாப் பாடத்திலும் ஏ1 எடுக்கும் பிள்ளை. வகுப்பிலேயே மிகவும் வெறுமையான கருத்து பெரும்பாலும் இவருக்குத்தான் கிடைக்கிறது: ‘அருமை, தொடர்க.’ இவருக்கும் அடுத்த படி ஒன்று உண்டு. விடையோடு நிறுத்தாமல் வழிமுறையை விளக்கி எழுதுவது, பாடநூலுக்கு வெளியே ஒரு புத்தகம் படிப்பது, இப்படி ஏதாவது ஒன்று. அதையும் நோட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

கணினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலான பள்ளிகளில் பட்டியல் எக்செல் கோப்பாகத்தான் வருகிறது. ஏணியின் சொற்களை இரண்டாவது தாளில் வைத்துக்கொண்டு, முதல் தாளில் பெயர், மதிப்பெண், கிரேடு, செயல் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளாக வைத்தால், ஒரு சூத்திரம் வாக்கியத்தின் எலும்புக்கூட்டைத் தந்துவிடும்:

```
=A2&" "&D2&" "&VLOOKUP(C2,Sheet2!$A$1:$B$9,2,FALSE)
```

இங்கே A பெயர், C கிரேடு, D ‘பின்னங்களின் கழித்தலை’ என்பது போன்ற செயல். Sheet2-இல் ஒன்பது கிரேடுகளுக்கும் ஏணியின் சொற்றொடர். பெயர் மாறிப்போவதும், ஒரே கிரேடுக்கு இரண்டு விதமான சொல் வருவதும் இதனால் நின்றுவிடும். நிலாவைப் போன்ற பிள்ளைகளுக்கு இந்த வாக்கியத்தை அழித்துவிட்டுக் கையால்தான் எழுத வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சூத்திரத்தைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் ஓரிடத்தில் இடறும். பெயரோடு ‘க்கு’ என்று ஒட்டச் சொன்னால் அருள்மொழிக்கு என்று சரியாக வரும். அடுத்த வரியிலேயே ‘கவின்க்கு’, ‘நிலாக்கு’ என்று நிற்கும். கவினுக்கு, நிலாவுக்கு என்று ஒவ்வொரு பெயரும் தன் ஈற்றெழுத்துக்கு ஏற்ப உருபு ஏற்பதால், சூத்திரத்தால் இதைச் சமாளிப்பது பெரிய வேலை. எளிய வழி, பெயரை எப்போதும் எழுவாயாக, வாக்கியத்தின் முதலில், உருபே இல்லாமல் வைப்பது. ‘நிலாவுக்குப் பின்னம் தெரிகிறது’ என்பதற்குப் பதில் ‘நிலா பின்னங்களைக் கழிக்கிறார்’. வாக்கியமும் இதனால் திடமாகிறது.

கட்டத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. பள்ளி மென்பொருள் சிலவற்றில் கருத்துக் கட்டத்துக்கு 250 எழுத்து என்பது போன்ற வரம்பு இருக்கும். ‘செய்கிறார்’ என்பதை நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. கணினி கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு இது பத்து. இந்தக் கணக்கில் 250 என்பது இருபத்தைந்து சொல்லைத் தாண்டுவதே கடினம். நிலாவின் பத்தி இதில் பாதிகூட ஏறாது, மீதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுவிடும். வரம்பைக் கூட்டித்தரச் சொல்லிக் கேட்கலாம். முடியாதென்றால் பாட வரிசையை மறந்துவிட்டு, வீட்டில் உடனே செய்ய வேண்டியதை முதலில் வைக்க வேண்டும். நிலாவுக்கு அது கண் பரிசோதனை.

எழுதி முடித்தபின் சரிபார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, பெயர்களை மறைத்துவிட்டுப் பாட ஆசிரியர்களிடம் கொடுப்பது. எந்தப் பத்தி எந்தப் பிள்ளை என்று அவர்கள் சொல்ல முடிந்தால் கருத்து வேலை செய்கிறது. ‘இது யாரா வேணும்னாலும் இருக்கலாமே’ என்று வந்தால் அந்தப் பத்திக்கு மறுபடி நோட்டைத் திறக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் பார்க்கலாம்: முதலில் எழுதிய ஐந்து கார்டுகளையும் கடைசியில் எழுதிய ஐந்து கார்டுகளையும் அருகருகே வைத்துப் படிப்பது. களைப்பு ஏற ஏற வாக்கியம் சுருங்கும், ‘இன்னும் முயற்சி தேவை’ தலைகாட்டும். வருகைப் பதிவேட்டு வரிசையில் எழுதினால் ஒவ்வொரு பருவமும் அந்தக் களைப்பு வகுப்பின் கடைசிப் பெயர்களின் மேலேயே விழும். அதனால் இந்தப் பருவம் கடைசியிலிருந்து தொடங்கலாம்.

பாட ஆசிரியர் தன் குறிப்பு மாறியதை ஏற்காமலும் போகலாம். ‘நான் கேர்லெஸ்னு எழுதினேன், நீங்க ஏன் மாத்தினீங்க?’ என்பது நியாயமான கேள்வி. அவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறோம் என்பதை அவர் படித்துப் பார்த்து, பக்கத்தில் தன் சுருக்கொப்பம் இட்டபின்தான் அச்சுக்குப் போக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அந்த வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா முதலில் போய் நிற்பது அவர் முன்னால்தான். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதை அங்கே படித்துச் சொல்லவும் வேண்டியிருக்கும். அப்போது நாக்கில் தடுக்காமல் வருகிறதா என்று முதல் நாளே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.